தடுப்பூசிக்கு முன்பே காய்ச்சல் மருந்து கொடுக்கலாமா?

“பாப்பாவுக்கு வரும் புதன்கிழமை ஒன்றரை மாத ஊசி. எடை 4.4 கிலோ. கிளம்பும்போதே காய்ச்சல் மருந்து ஊற்றிவிட்டுப் போ என்கிறார் மாமியார். லண்டனில் இருக்கும் அக்காவும் அங்கே நர்ஸே முன்கூட்டிக் கொடுக்கச் சொல்வதாகச் சொல்கிறாள், 2.5 மி.லி. என்று அளவும் அனுப்பியிருக்கிறாள். எங்கள் ஊர் நர்ஸ் முன்னால் வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? ஊசிக்குப் பிறகு என்னவெல்லாம் வருவது சாதாரணம், எதற்குப் பயப்பட வேண்டும்?”

உங்கள் ஊர் நர்ஸ் சொல்வதைக் கேளுங்கள். ஊசிக்கு முன்னால் மருந்து வேண்டாம். பிறகு காய்ச்சல் வந்து குழந்தை சோர்ந்தாலோ, கால் வலியில் விடாமல் அழுதாலோ, எடைக்குத் தக்க அளவு கொடுங்கள். அக்கா சொல்வதும் பொய் இல்லை, அது வேறொரு ஊசிக்கான விதி. ஆனால் அவர் அனுப்பிய 2.5 மி.லி. அளவை மட்டும் தயவுசெய்து அப்படியே பின்பற்றாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் அதைப் படியுங்கள்.

முதலில் காய்ச்சல் எதனால் வருகிறது என்று பார்ப்போம். புதன்கிழமை உங்கள் பாப்பாவுக்குப் போடப்போவதில் முக்கியமானது பெண்டாவேலண்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி என்று ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. இந்தியாவில் இது முதலில் வந்ததே தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான், 2011 டிசம்பரில். இந்த ஐந்தில் காய்ச்சலுக்குப் பெரும் காரணம் கக்குவான் இருமல் பகுதி. அரசுத் தடுப்பூசியில் கக்குவான் கிருமியைக் கொன்று, முழுதாக அப்படியே வைத்திருப்பார்கள். கிருமி செத்திருந்தாலும் அதன் மேல்தோலில் இருக்கும் பொருட்களை உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும். எதிரி வந்துவிட்டான் என்று எதிர்ப்பு அணுக்கள் சில வேதிப்பொருட்களை ரத்தத்தில் விடும். அவை மூளையில் இருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை எட்டும்போது உடம்பு சூடாகிறது. குழந்தைக்கு நோய் வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

இந்த ஊசி போட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். மீதிப் பாதிக்கு வராது. வராவிட்டால் ஊசி பிடிக்கவில்லை என்று சிலர் கவலைப்படுகிறார்கள், அதற்கும் தேவை இல்லை. காய்ச்சல் வராத குழந்தைக்கும் எதிர்ப்புச் சக்தி வரும்.

சரி, பாதிப் பேருக்கு வரும் என்று தெரிந்தே இருக்கிறது, முன்கூட்டியே தடுத்தால் என்ன? நான் மருத்துவம் படித்து முடித்து வந்த காலத்தில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஊசி போடும் போதே ஒரு வேளை மருந்து கொடுத்து, ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு வேளை என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை மாற்றியது செக் குடியரசில் நடந்த ஒரு ஆய்வு. 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 459 கைக்குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பாராசிட்டமால் கொடுத்தார்கள், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காமலே. மற்றக் குழுவுக்கு அப்படிக் கொடுக்கவில்லை.

காய்ச்சல் குறைந்தது உண்மைதான். மருந்து பெறாதவர்களில் 66 சதவீதம் பேருக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் போனது, மருந்து பெற்றவர்களில் 42 சதவீதம் பேருக்கு. ஆனால் 103-ஐத் தாண்டும் கடும் காய்ச்சல் இரண்டு குழுவிலும் மிக அரிதாகவே இருந்தது. மருந்து தடுத்ததெல்லாம் பெரும்பாலும் தானாக வந்து தானாகப் போகும் லேசான காய்ச்சலைத்தான். அதற்குக் கொடுத்த விலை ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. முன்கூட்டி மருந்து பெற்ற குழந்தைகளின் உடம்பில் எதிர்ப்புப் பொருளின் அளவு குறைவாக இருந்தது. அந்த ஆய்வில் போட்ட, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசியின் பத்து வகைக் கிருமிகளுக்கும் குறைவு. ஹிப், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவானின் ஒரு பகுதி, இவற்றுக்கும் குறைவு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு “ஐயோ, மூத்தவனுக்குக் கொடுத்துவிட்டேனே” என்று யாராவது பதறுவார்கள். அளவு குறைந்ததே தவிர, பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதுகாப்பு என்று கருதப்படும் எல்லைக்கு மேல்தான் இருந்தது. முன்பு கொடுத்திருந்தால் அந்த ஊசி வீண் இல்லை, திரும்பப் போடவும் வேண்டாம். அதோடு அங்கே போட்டது முழுக் கிருமி இல்லாத வேறு வகைக் கக்குவான் ஊசி. ஆகவே அந்த எண்களை நம் ஊர் ஊசிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் பலன் சிறியது, இழப்பு இருக்கலாம் என்றால் எதற்குக் கொடுக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் ஊசி வலியைக் குறைப்பது பற்றி வெளியிட்ட அறிவுரையில், ஊசிக்கு முன்போ ஊசியின் போதோ வலி மருந்து வாய்வழியாகக் கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை.

அப்படியானால் பிறகு கொடுத்தால் மட்டும் எதிர்ப்புச் சக்தி குறையாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போலந்தில் இதைத்தான் பார்த்தார்கள். ஊசியின் போதே பாராசிட்டமால் தொடங்கிய குழந்தைகளுக்கு நிமோகாக்கல் வகைகள் சிலவற்றுக்கு எதிர்ப்புப் பொருள் குறைந்தது. 6 முதல் 8 மணி நேரம் கழித்துத் தொடங்கியவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. நம்முடைய காய்ச்சலும் பெரும்பாலும் அந்த நேரத்தை ஒட்டித்தான் வருகிறது. அதனால் வந்த பிறகு கொடுக்கும் தாய்க்கு இதில் குற்ற உணர்வு தேவையே இல்லை. வலியில் துடிக்கும் குழந்தைக்கு “ஊசி கெட்டுவிடும்” என்று மருந்து தராமல் வைத்திருப்பதும் தவறு. அப்படியும் சிலர் செய்கிறார்கள்.

இப்போது லண்டன் அக்கா. பிரிட்டனில் 2015 செப்டம்பரிலிருந்து கைக்குழந்தைகளுக்கு மெனிஞ்சோகாக்கல் பி என்ற தடுப்பூசி போடுகிறார்கள். ஒருவகை மூளைக்காய்ச்சலுக்கானது. நம் அரசு அட்டவணையில் அது இல்லை. மற்ற ஊசிகளோடு சேர்த்துப் போடும்போது அது அதிகமான குழந்தைகளுக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். அதற்காகவே தனியாக ஆய்வு செய்து, பாராசிட்டமால் சேர்த்துக் கொடுத்தாலும் அந்த ஊசியின் பலன் குறைவதில்லை என்று பார்த்த பிறகுதான் விதி போட்டார்கள். முதல் ஆண்டில் அந்த ஊசி போடும்போது மட்டும் உடனே ஒரு வேளை, பிறகு 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. ஆகவே அக்கா தன் குழந்தைக்குச் செய்தது சரி. உங்கள் பாப்பாவுக்கு அந்த ஊசியே போடப்போவதில்லை.

அந்த 2.5 மி.லி.க்கு வருகிறேன். பிரிட்டனில் கைக்குழந்தைகளுக்கு விற்கும் பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதில் 2.5 மி.லி. என்றால் 60 மில்லிகிராம். நம் ஊர் மருந்துக்கடையில் “கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுங்க” என்று கேட்டால் பெரும்பாலும் தருவது சொட்டு மருந்து. சின்ன பாட்டில், கூடவே ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் ஒரே மி.லி.யில் 100 மில்லிகிராம் இருக்கும், சில கம்பெனிகளில் 150 கூட. அந்தப் பாட்டிலில் இருந்து 2.5 மி.லி. எடுத்தால் 250 மில்லிகிராம். அக்கா கொடுத்ததைப் போல நான்கு மடங்குக்கு மேல்.

இது கற்பனை இல்லை. ஐந்து கிலோ இருந்த ஒரு பெண் குழந்தையை இரவு பத்து மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அளவு சொன்னது வெளிநாட்டுச் சித்தி, பாட்டில் வாங்கியது தெருமுனைக் கடையில். குழாயில் 1 மி.லி. வரைதான் கோடு இருந்ததால் “இரண்டரை முறை” நிரப்பி ஊற்றியிருக்கிறார்கள். பாட்டிக்குத்தான் சந்தேகம் வந்தது, இத்தனை தடவையா என்று. ஒரு வேளையோடு நின்றதால் ஆபத்து ஏற்படவில்லை. கவனித்து அனுப்பினோம். அதையே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் கொடுத்திருந்தால் ஈரலுக்கு ஆபத்து. பாராசிட்டமால் சரியான அளவில் மிகவும் பாதுகாப்பான மருந்து. அளவு மீறித் தொடர்ந்தால் அப்படி இல்லை.

கணக்கு இதுதான். ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் பாப்பா 4.4 கிலோ, அப்படியென்றால் 44 முதல் 66 மில்லிகிராமுக்குள் எங்காவது இருக்கலாம். 50 என்று வைத்துக்கொள்வோம். இனி பாட்டிலைத் திருப்பி, மருந்தின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 1 மி.லி.க்கு 100 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அரை மி.லி. போதும். 5 மி.லி.க்கு 120 என்றால் 2 மி.லி., அதில் 48 மில்லிகிராம் வரும். 5 மி.லி.க்கு 250 என்ற சிரப்பாக இருந்தால் 1 மி.லி. மூன்றும் ஒரே மருந்து, ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஊற்றும் அளவு எவ்வளவு மாறுகிறது பாருங்கள். அதனால்தான் யாராவது “இத்தனை மி.லி. கொடு” என்று மட்டும் சொன்னால் அது பாதிச் செய்தி. எந்தப் பாட்டிலில் இருந்து என்பது மீதிப் பாதி. வீட்டில் இரண்டு வகைப் பாட்டில் வைத்திருக்கவும் வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் மாறிப்போகும்.

மாத்திரையை நசுக்கித் தாய்ப்பாலில் கரைப்பவர்களுக்கும் இதே கணக்கு. 500 மாத்திரையில் கால் பங்கு என்பது 125 மில்லிகிராம். உங்கள் பாப்பாவுக்கு அது உச்ச அளவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 650 மாத்திரை என்றால் கால் பங்கே 160-ஐத் தாண்டும். அந்தக் கால் பங்கும் கத்தியில் உடைக்கும்போது சரியாகக் கால் பங்காக வருவதில்லை. கைக்குழந்தைக்கு மாத்திரையை விட்டுவிடுங்கள். சமையலறை ஸ்பூனும் வேண்டாம். பாட்டிலோடு வரும் குழாயையோ, ஊசி இல்லாத சிரிஞ்சையோ வைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒன்றரை மாதக் குழந்தைக்கு இரண்டு வேளைக்கு மேல் தேவைப்பட்டால் மூன்றாவதை நீங்களாகக் கொடுக்காமல் மருத்துவரையோ நர்ஸையோ கேளுங்கள். இத்தனை சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் யாராவது ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் காரணம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை மிகக் குறைந்த குழந்தை என்றால் இந்தக் கணக்கையே பயன்படுத்தாமல் உங்கள் மருத்துவர் எழுதித் தரும் அளவைக் கொடுங்கள்.

பாராசிட்டமால் தவிர வேறு எதுவும் வேண்டாம். பெரிய குழந்தைக்கு வாங்கிய மெஃபெனமிக் ஆசிட் சிரப்போ இபுப்ரோஃபெனோ ஃபிரிட்ஜில் இருக்கலாம். ஆறு மாதத்துக்குக் கீழே அவற்றை வீட்டில் தொடக் கூடாது. நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழே கொடுப்பதை இந்திய அரசு 2011-லேயே தடை செய்துவிட்டது. சளி மருந்தும் காய்ச்சல் மருந்தும் கலந்து வரும் சிரப்களும் கைக்குழந்தைக்கு ஆகாது.

இனி புதன்கிழமை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் பால் கொடுத்துக் கூட்டிப் போங்கள். முதலில் போலியோ சொட்டும் ரோட்டா மருந்தும் வாயில் போகும். அப்புறம் இடது தொடையில் பெண்டாவேலண்ட், வலது தொடையில் நிமோகாக்கல். வலது கை மேல்பகுதியில் தோலுக்குள் சின்னதாகப் போலியோ ஊசி. எந்தக் காலில் எது என்று தெரிந்துகொள்வது நல்லது. மாலையில் எந்தத் தொடை வீங்கியிருக்கிறது என்று பார்த்தால் நீங்களே ஊகித்துவிடலாம், பெரும்பாலும் இடதுதான். வாய் மருந்துகள் போய்விட்டன என்றால் ஊசி குத்தும்போதே மடியில் வைத்துத் தாய்ப்பால் கொடுங்கள். அந்த நேரத்து வலிக்கு அதைவிடச் சிறந்த மருந்து எங்களிடம் இல்லை. பாராசிட்டமாலை முன்னால் கொடுத்தாலும் குத்தும் வலி குறைவதில்லை.

குத்தி முடித்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் தெரியும். உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குவது, மூச்சுத் திணறல், துவண்டு போவது. மிக மிக அரிது. ஆனால் வந்தால் அதற்கான ஊசி நர்ஸ் கையில் இருக்கும் இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும். பஸ் போய்விடும் என்று பத்து நிமிடத்தில் எழுந்து போகிறவர்கள்தான் அதிகம்.

பதினோரு மணிக்கு ஊசி என்றால் மத்தியானம் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். மாலை ஐந்து மணியில் இருந்து இரவு பதினொன்றுக்குள் உடம்பு சுட ஆரம்பிக்கலாம். தொடையில் குத்திய இடம் சிவந்து, தொட்டால் கெட்டியாக இருக்கும். அந்தக் காலை மடக்கவோ அசைக்கவோ விடமாட்டாள், துணி மாற்றும்போது வீறிட்டு அழுவாள். வழக்கத்தைவிடச் சிணுங்குவாள், அல்லது கூடுதலாகத் தூங்குவாள். பால் கொஞ்சம் குறையலாம். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். வெள்ளிக்கிழமை காலைக்குள் ஓய்ந்துவிடும்.

கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள். 100.4 இருந்து, குழந்தை சிணுங்கிக்கொண்டோ சோர்ந்தோ இருந்தால் மருந்து கொடுங்கள். அதே எண்ணோடு நன்றாகப் பால் குடித்துத் தூங்குகிறாள் என்றால் எழுப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. காய்ச்சலே இல்லாமல் கால் வலியில் விடாமல் அழுகிறாள் என்றால் அப்போதும் கொடுக்கலாம், அது வலி மருந்தும்கூட. மருந்து கொடுத்து அரை மணி முதல் ஒரு மணிக்குள் முகம் தெளியும். சூடு முழுதும் இறங்காவிட்டாலும் குழந்தை தெளிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

போர்த்தி மூட வேண்டாம், மெல்லிய பருத்திச் சட்டை போதும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். தொடை வீக்கத்துக்குச் சுத்தமான துணியைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வைக்கலாம். ஐஸை நேராக வைக்காதீர்கள். சுடு ஒத்தடம், தைலம், மஞ்சள், எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது இவை எதுவும் வேண்டாம். “மருந்து கட்டி நிற்காமல் பரவணும்” என்று தேய்ப்பார்கள். தேய்த்தால் வீக்கமும் வலியும்தான் கூடும்.

சில நாள் கழித்துச் சிவப்பும் வலியும் போய், தோலுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி மட்டும் தங்கலாம். குழந்தை அழுவதில்லை, அமுக்கினால்தான் தெரியும். சில வாரம் இருந்து கரைந்துவிடும், ஒன்றும் செய்ய வேண்டாம். மாறாக அது நாளுக்கு நாள் பெரிதாகி, சூடாகி, நடுவில் மெத்தென்று ஆனால் சீழ் பிடிக்கிறது. அதைக் காட்ட வேண்டும்.

பயப்பட வேண்டியது எதற்கு என்று கேட்டீர்கள். கக்குவான் ஊசிக்குப் பிறகு அரிதாக வரும் இரண்டைத் தெரிந்து வைத்திருங்கள். ஒன்று, மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவிடாத அழுகை. தூக்கினாலும் பால் கொடுத்தாலும் நிற்காது, வழக்கமான அழுகையைப் போல இல்லை என்று உங்களுக்கே தெரியும். முதல் நாளுக்குள் வரும். பெரும்பாலும் வலிதான் காரணம், பின்விளைவு எதுவும் இல்லை. இருந்தாலும் கூட்டிப் போய்க் காட்டுங்கள், அழுகைக்கு வேறு காரணம் இல்லை என்று யாராவது பார்க்க வேண்டும்.

இன்னொன்று பார்ப்பவர்களை நடுங்க வைக்கும். விளையாடிக்கொண்டோ அழுதுகொண்டோ இருந்த குழந்தை திடீரென்று வெளுத்து, துணி பொம்மை மாதிரி துவண்டு, கூப்பிட்டால் கவனிக்காமல் கிடக்கும். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நடக்கும். சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை இருந்து குழந்தை பழையபடி ஆகிவிடும், மூளைக்குப் பாதிப்பு இருப்பதில்லை. ஆனால் அந்த நேரத்தில் அது இதுதானா, வேறு ஏதாவதா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. 108-ஐ அழையுங்கள். வலிப்பு வந்தாலும் அப்படித்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல் கிளம்புங்கள். முன்கூட்டிக் காய்ச்சல் மருந்து கொடுத்தால் வலிப்பு வராது என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

இவற்றைவிட நான் அடிக்கடி பார்க்கும் ஆபத்து வேறு. எந்தக் காய்ச்சலையும் “ஊசிக் காய்ச்சல்தான்” என்று விட்டுவிடுவது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மற்ற நாட்களில் நாங்கள் உடனே கொண்டுவரச் சொல்வோம். ரத்தத்திலோ சிறுநீரிலோ கிருமித் தொற்று இருந்தால் அந்த வயதில் வேறு அறிகுறி அதிகம் தெரியாது. தடுப்பூசி போட்ட முதல் இரண்டு நாள் மட்டும் அதற்கு ஒரு விலக்கு, அதுவும் குழந்தை பால் குடித்து, கண் திறந்து பார்த்து, தெளிவாக இருந்தால் மட்டும். பால் குடிக்க மறுக்கிறாள், எழுப்பினாலும் எழவில்லை, முனகுகிறாள், மூச்சு வாங்குகிறாள், காய்ச்சல் 102.2-ஐத் தாண்டுகிறது என்றால் எத்தனையாவது மணி நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு நாள் தாண்டிக் காய்ச்சல் தொடர்ந்தாலும், போய்விட்டு மூன்றாம் நாள் புதிதாக வந்தாலும் அதை ஊசியின் கணக்கில் எழுதாதீர்கள். சளி, இருமல், காதில் சீழ் இவையும் ஊசியால் வருவதில்லை. ஊசிக்கு முன்பே மருந்து கொடுப்பதில் எனக்குப் பிடிக்காத இன்னொரு விஷயமும் இதுதான். ஏற்கெனவே உள்ளே ஒரு காய்ச்சல் தொடங்கியிருந்தால் அதைக் காலையிலேயே மறைத்துவிடும், நர்ஸ் தொட்டுப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது.

இன்னும் கண்டிப்பாக ஒன்று. பிறந்த உடனே போடும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி இவற்றால் காய்ச்சல் வருவது அரிது. பத்து நாள் குழந்தை சுட்டால் “பிறந்தப்போ போட்ட ஊசி” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி. அந்த பி.சி.ஜி. இடத்தில் சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, ஆறித் தழும்பாகும். அதுவும் இயல்பான வழி. உங்கள் பாப்பாவின் இடது கையில் இப்போது அது இருக்கலாம், மருந்து போட வேண்டாம்.

ஒன்பதாம் மாத தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் காலக்கணக்கே வேறு. அது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமி. உடம்பில் வளர நேரம் எடுக்கும். அதனால் காய்ச்சல் அன்று இரவு வராமல் 6 முதல் 12 நாள் கழித்து வரும், சிலருக்கு மெல்லிய சிவப்புப் புள்ளிகளோடு. ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அந்த ஊசிக்குக் காலையிலேயே மருந்து கொடுத்தவர்கள் எதைத் தடுக்கக் கொடுத்தார்கள் என்று நான் கேட்பதுண்டு.

தனியார் கிளினிக்கில் “வலியில்லாத ஊசி” போட்டுக்கொள்ளலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். அதில் முழுக் கிருமிக்குப் பதில் அதன் சில துண்டுகள் மட்டும் இருக்கும். காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பது உண்மை. குத்தும் வலி அதே வலிதான். ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது என்பதால் முதல் மூன்று தவணைக்கு முழுக் கிருமி ஊசியே எனக்குப் பிடித்தது. என் பேத்திக்கும் அரசு ஊசிதான், ஆரம்ப சுகாதார நிலையத்தில்.

புதன்கிழமைக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டிலை இப்போதே வாங்கி, அதன் அடர்த்தியைப் படித்து, அன்று நர்ஸ் எடை பார்த்ததும் அவரிடமே காட்டுங்கள். கொடுக்க வேண்டிய மி.லி. அளவைத் தாய் சேய் நல அட்டையில் எழுதி வாங்குங்கள். பத்தாவது வாரம் எடை கூடியிருக்கும், அப்போது அளவும் மாறும், திரும்பக் கேளுங்கள். இந்த முறை காய்ச்சல் வந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்காக அடுத்த தவணையை யாரும் நிறுத்த மாட்டார்கள். துவண்டு போனாலோ வலிப்பு வந்தாலோ ஒவ்வாமை வந்தாலோ மட்டும் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போட வேண்டும். மாமியாரிடம் மருந்து வேண்டாம் என்று வாதாட வேண்டாம், மருந்து வாங்கியாச்சு, சாயங்காலம் சூடு வந்தால் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்.